தோல் கடைசியில் போர்த்துவதல்ல

கணினியில் உயிரினத் தலை செதுக்கச் சொல்லித்தரும் இடங்களில் எல்லாம் ஒரே பாடம்தான் நடக்கிறது. முதலில் பிளாக்அவுட் என்னும் கரடுமுரடான பெரிய வடிவம். அது சரியானதும் தசை, எலும்பு விளிம்பு, மடிப்பு போன்ற நடுத்தர வடிவங்கள். எல்லாம் முடிந்த பிறகு செதில், சுருக்கம், நுண்துளை. பெரிதிலிருந்து சிறிதுக்குப் போகும் இந்த வரிசையோடு எனக்குச் சண்டை இல்லை. மண்டையோட்டின் அளவு தப்பாக இருக்கும்போது மூக்கின் மேல் துளை குத்திக்கொண்டிருப்பது வீண்வேலை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த வரிசையிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவோடுதான் என் சண்டை. நுண்விவரம் கடைசியில் வருவதால், அதைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும் என்கிறார்கள். வடிவம்தான் கலை, விவரம் வெறும் பூச்சு என்கிறார்கள். சேமிப்பில் இருக்கும் ஆல்ஃபா படங்களில் ஒரு முதலைத்தோலை எடுத்து இழுத்துப் பதித்தால் வேலை முடிந்தது. பிடிக்காவிட்டால் லேயரின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சென்னையிலும் ஹைதராபாதிலும் வேலை தேடி வரும் இளைஞர்களின் ஷோரீல்களில் இந்த நம்பிக்கையின் விளைவைப் பார்க்கலாம். தலையின் வடிவம் நன்றாக இருக்கும். தோலும் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கும். இரண்டும் ஒரே உயிருக்குச் சொந்தம் என்று மட்டும் தோன்றாது. திறமைக் குறைவால் வருவதில்லை இது. கற்றுக்கொடுத்த கருத்தே தவறு.

தவறு என்று ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு முதலையே சாட்சி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணைக்குப் போனால், நம் ஊர்ச் சதுப்புநில முதலையை நாள் முழுக்க அருகிலிருந்து பார்க்கலாம். அதன் முதுகில் எலும்புத் தகடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. பார்வையை மெல்லத் தலைக்கு நகர்த்துங்கள். அங்கே வரிசை இல்லை. மூக்குப் பகுதியிலும் தாடையிலும் ஒழுங்கற்ற பல்கோணங்கள்; ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இல்லை. சில கோடுகள் பாதிவழியில் எதையும் தொடாமல் நின்றுவிடுகின்றன.

ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிஷெல் மிலின்கோவிச்சின் ஆய்வுக்குழு 2013இல் சயின்ஸ் இதழில் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. பாம்புக்கும் பல்லிக்கும் தலைச் செதில் ஒவ்வொன்றும் கருவிலேயே தனி முளையாகத் தொடங்குகிறது. முதலையின் முகத்திலும் தாடையிலும் அப்படி முளைகள் இல்லை. வளரும் எலும்பின் மேல் இறுகிய தோல் விரிசல் விடுவதுபோல் பிரிந்தே அந்தக் கோணங்கள் உண்டாகின்றன என்றார்கள். 2024இன் இறுதியில் அதே குழு நேச்சர் இதழில் தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. அடியில் இருக்கும் திசுவைவிடத் தோல் வேகமாக வளர்வதால், இடம் போதாமல் அது நெருங்கி மடிகிறது. மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் கோணங்கள் அமைகின்றன என்பது புதிய விளக்கம். கருவில் இருக்கும் நைல் முதலைக் குஞ்சுகளின் தோல் வளர்ச்சியை ஊசிமருந்தால் கூட்டியபோது, தலையில் அமைந்த கோலமே வேறாகிவிட்டது.

விரிசலோ மடிப்போ, செதுக்குபவருக்கு இரண்டு விளக்கமும் ஒன்றைத்தான் சொல்கின்றன. அந்தக் கோடுகள் வடிவத்தின் மேல் வந்து ஒட்டியவை அல்ல. அடியில் என்ன எலும்பு இருக்கிறது, அதன் மேல் தோல் எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதிலிருந்து பிறந்தவை. முதுகுத் தகடுகளின் படத்தை எடுத்து முகத்தில் பதிப்பவர் ஏன் தோற்றுப்போகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இதை ஒரு தலையை வைத்தே பேசுவோம். மூக்குநுனியிலிருந்து பிடரி வரை 60 செ.மீ. நீளமுள்ள ஒரு கற்பனை உயிரினம். மண்டையோடு முதலையினுடையது. ஆனால் கதையில் அது பல்லைக் காட்டிச் சீற வேண்டும். முதலையால் அது முடியாது; அதற்கு உயர்த்த உதடு கிடையாது, முகத்தோல் எலும்போடு ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே இந்த உயிரினத்துக்குக் கன்னத்தில் தசையும், வாயோரத்தில் தளர்ந்த தோலும், தொண்டையில் ஒரு தொங்கலும் வேண்டும். இந்தத் தீர்மானத்தை எடுத்த கணத்திலேயே தோலைப் பற்றியும் தீர்மானித்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். இன்னும் ஒரு கோளத்தைக்கூட நாம் திறக்கவில்லை.

ஸீபிரஷில் வேலை தொடங்குகிறது. ஒரு கோளம், டைனாமெஷ் அளவு 64 போன்ற சிறிய எண், கையில் Move பிரஷ் மட்டும். கீழ்த்தாடையையும் இரண்டு கண்விழிகளையும் தனித்தனிப் பொருள்களாக வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு குறைந்த அடர்த்தியில் சிறிய எதையும் வரைய முடியாது. அதுதான் அதன் பயன். கண் எங்கே, மண்டையின் பின்புறம் எவ்வளவு அகலம், தாடைக் கீல் எங்கே என்பவை மட்டும் முடிவாகும். முதலையின் தாடை கண்ணுக்கு வெகு பின்னால், மண்டையின் கடைக்கோடியில் கீல் கொண்டிருக்கிறது. பலர் அதை மனித முகத்தின் பழக்கத்தில் கண்ணுக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறார்கள். வாயை மூடும் பெரிய தசை கீழ்த்தாடையின் பின்முனையில் உருண்டு புடைத்து நிற்கிறது, அதையும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? வாயோரத்தில் தோல் மடிவதற்குக் காரணமே இல்லாமல் போகும். கடைசியில் அங்கே எத்தனை சுருக்கம் வரைந்தாலும் அவை கோடுகளாகவே நிற்கும்.

வழக்கமான பாடத்தில் இல்லாத ஒரு வேலையை இந்த இடத்தில் செய்தே ஆகவேண்டும். கீழ்த்தாடையின் சுழல்மையத்தை அந்தக் கீலில் வைத்து, வாயை 30 பாகை திறந்து பாருங்கள். எந்தத் தோல் இழுபடும், எது சுருண்டு குவியும், எது அசையவே அசையாது என்பது தெரிந்துவிடும். மாதிரியின் மேலேயே மூன்று நிறத்தில் அதை வரைந்துகொள்ளலாம். மூக்கின் மேற்புறம், புருவ விளிம்பு, தாடையின் ஓரம் ஆகியவை எலும்போடு இறுகிய இடங்கள், அங்கே சிவப்பு. தாடையின் பின்புறமும் கன்னமும் தசையின் மேல் நகரும் தோல், அங்கே மஞ்சள். வாயோரமும் தொண்டையும் தொங்கும் தோல், அங்கே நீலம். மஞ்சளிலும் நீலத்திலும் தோல் இழுபடும் திசைக்கு ஏற்ப அம்புக்குறிகள். அந்தத் திசைக்குக் குறுக்காகத்தான் மடிப்பு விழும். இந்த வரைபடம் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது என்பேன். நுண்விவரத்தின் திசையும் இடைவெளியும் அளவும் இங்கேயே, இந்தக் கரடான உருண்டையின் மேலேயே தீர்மானமாகிவிடுகின்றன. கடைசியில் செய்யப்போவது அவற்றை நிறைவேற்றும் வேலை.

நடுத்தர வடிவங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ClayBuildup பிரஷால் தசைகளைக் கட்டி, DamStandard பிரஷால் அவை சந்திக்கும் பள்ளங்களை வெட்டி, தேவைக்கேற்ப டைனாமெஷ் அடர்த்தியைக் கூட்டிக்கொண்டு போகிறோம். வடிவம் நிலைத்ததும் ஸீரீமெஷர் கொண்டு ஏறக்குறைய 8,000 நாற்கோணங்கள் உள்ள சுத்தமான வலையாக மாற்றி, கண்ணையும் வாயையும் சுற்றி வளையங்கள் ஓடுமாறு செய்து, பழைய மாதிரியின் வடிவத்தை அதன்மேல் இறக்குகிறோம்.

அடுத்து வருவது கணக்கு. இதைச் செய்யாமலே பலர் நுண்துளை குத்தத் தொடங்கிவிடுவதால் இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. சப்டிவிஷனில் ஒவ்வொரு படியும் நாற்கோணங்களை நான்கு மடங்காக்கும். 8,000இல் தொடங்கினால் ஐந்தாம் படியில் ஏறக்குறைய 20 லட்சம், ஆறாம் படியில் 82 லட்சம். இந்தத் தலையின் மேற்பரப்பு கிட்டத்தட்ட அரைச் சதுர மீட்டர். ஆறாம் படியில் ஒரு நாற்கோணத்தின் பக்கம் கால் மில்லிமீட்டர் என்று கணக்கு வரும். ஒரு பள்ளம் பள்ளமாகத் தெரிய அதன் குறுக்கே நான்கு நாற்கோணங்களாவது வேண்டும். ஆக, இந்த வலையில் செதுக்கக்கூடிய மிகச் சிறிய விவரம் ஒரு மில்லிமீட்டர் அகலம். அதற்கும் சிறியதை இங்கே குத்தினால் துளை வராது, மணல் போன்ற சொரசொரப்புதான் வரும். நெருங்கிப் பார்க்கும்போது துளைகளின் விளிம்பு சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தால், வலையின் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். அந்த அளவு விவரத்தைத் தனியே ஒரு டெக்ஸ்சர் வரைபடத்துக்கு விட்டுவிட வேண்டும்.

இனி லேயர்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது: ‘எல்லாம் தனித்தனி லேயரில் இருக்கும்போது எதற்கு முன்கூட்டியே கவலை? பிடிக்கவில்லை என்றால் அளவைக் குறை, இல்லையென்றால் அணைத்துவிடு.’ லேயர் என்னவெல்லாம் செய்யும் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வரும் வாதம் இது. ஒரு லேயர் சேமித்து வைப்பது, வலையின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை. அதன் அளவுகோலை 1இலிருந்து 0.5க்குக் கொண்டுவந்தால் அந்த நகர்வு பாதியாகும். அதாவது பள்ளத்தின் ஆழம் பாதியாகும். பள்ளம் ஓடும் திசை மாறாது. இரண்டு செதிலுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது. தவறான திசையில் ஓடும் சுருக்கத்தை மெலிதாக்கினால், மெலிதான தவறான சுருக்கம்தான் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. லேயர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, வெறுமனே கூட்டப்படுகின்றன. கன்னத்தில் ஒரு லேயரில் ஆழமான மடிப்புகளை வரைந்து, இன்னொரு லேயரில் நுண்துளைகளைச் சீராகப் பரப்பினால், மடிப்பின் அடியிலும் அதே துளை, மேட்டிலும் அதே துளை, ஒரே ஆழத்தில் நிற்கும். உண்மையான தோலில் அப்படி இருக்காது. மடிப்பின் அடியில் தோல் நெருங்கி, துளைகள் மூடிக்கொள்ளும். மேட்டில் தோல் இழுபட்டு, துளைகள் அகன்று ஒரு பக்கமாக நீளும். உங்கள் கை முட்டியை மடக்கியும் நீட்டியும் பார்த்தாலே இது தெரியும். பூச்சுபோல் இடப்பட்ட தோல் ஏன் பூச்சாகவே தெரிகிறது என்பதற்கு முதல் காரணம் இந்தக் கூட்டல்தான்.

திருத்த வழி இருக்கிறது, ஆனால் அது வரிசையைச் சார்ந்தது. இந்தத் தலையில் சிவப்புப் பகுதிகளின் விரிசல் கோடுகளை முதல் லேயராக, DamStandard கொண்டு, ஒவ்வொன்றாகக் கையால் வரைய வேண்டும். சமச்சீரை அதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். கடைசியில் ‘சமச்சீரின்மை லேயர்’ ஒன்றைப் போட்டு முகத்தைச் சற்றுக் கோணலாக்கினால் போதும் என்று சொல்வார்கள். அப்போது நகர்வது வடிவம் மட்டும்தான், இடமும் வலமும் உள்ள விரிசல்கள் கண்ணாடிப் பிம்பங்களாகவே இருக்கும். மஞ்சள், நீலப் பகுதிகளின் மடிப்புகள் இரண்டாவது லேயர். மடிப்பு லேயர் முழு அளவில் இயங்கிக்கொண்டிருக்கும்போதுதான் செதிலையும் துளையையும் தொட வேண்டும். துளை லேயரைத் தொடங்கும் முன் Store MT கொடுத்து அந்த நிலையைச் சேமித்துக்கொள்கிறோம். துளைகளைப் பதித்த பிறகு, பள்ளத்தின் அடிகளில் Morph பிரஷை மெல்ல ஓட்டினால் சேமித்த நிலை திரும்பிவரும். மடிப்பு அப்படியே இருக்க, துளை மட்டும் மறையும். வேண்டுமானால் Mask By Cavity கொண்டு பள்ளங்களை முதலிலேயே மறைத்துவிட்டும் பதிக்கலாம். மேடுகளில் துளைகளை இழுபடும் திசையில் சற்று நீட்டிவிடலாம். அந்தத் திசையை எங்கே பார்ப்பது? தாடையைத் திறந்து பார்த்தபோது வரைந்த அம்புக்குறிகளில்.

முதலை முகத்தில் இன்னொன்றும் உண்டு. தாடையோரம் முழுக்கக் கடுகுபோல் கருத்த சிறு புள்ளிகள். நீரின் அசைவை உணரும் உறுப்புகள் அவை. வாயை நெருங்க நெருங்க அடர்த்தி கூடும். இவற்றைத் தலை முழுவதும் சீராகத் தூவினால் அழுக்குபோல் தெரியும். இரையைத் தொடும் இடத்தில் கூட்டமாகவும், நெற்றிக்குப் போகப்போக அரிதாகவும் வைத்தால், அந்த உயிர் தண்ணீரில் எப்படி வேட்டையாடுகிறது என்பதே முகத்தில் தெரியும். அந்தப் புள்ளிகள் அங்கே இருப்பதற்கு ஒரு வாழ்க்கை காரணமாக இருக்கிறது. பூச்சு என்று நினைப்பவருக்கு அந்தக் காரணத்தைத் தேடவே தோன்றாது.

எதிர்த்தரப்பின் அடுத்த வாதம் வேலைப் பிரிவினை. பெரிய படங்களில் செதுக்குபவர் வேறு, தோல்விவரம் சேர்ப்பவர் வேறு. உண்மையான தோலை ஸ்கேன் செய்த வரைபடங்களைக் கொண்டே எல்லோரும் வேலை செய்கிறார்கள். அவற்றின் தரத்தைக் கையால் எட்ட முடியாது என்கிறார்கள். மனித முகத்துக்கு இது சரி. ஸ்கேன் செய்த கன்னத்தைக் கன்னத்திலும், நெற்றியை நெற்றியிலும் வைக்கிறோம். அந்த ஸ்கேனிலேயே திசையும் இழுவிசையும் பதிந்திருக்கின்றன. அடியிலிருக்கும் எலும்பும் ஒன்றேதான். நம் உயிரினத்துக்கு அப்படித் தோல் கொடுக்க எந்த விலங்கும் இல்லை. யானையின் நெற்றித்தோலை நம் உயிரினத்தின் தொண்டையில் வைத்தால், யானையின் நெற்றிக்கான காரணங்களும் கூடவே வந்துவிடும். வேலையைப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் வரைந்த அந்தப் படம் அடுத்தவர் கைக்குப் போகாமலிருப்பதுதான் தவறு.

ஒப்பனைக்கலைஞர்கள் இதைக் கணினி வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழத்தோலில் ரப்பர்ப்பாலை ஊற்றி எடுத்த அச்சை அவர்களும் களிமண்ணில் அழுத்தித் துளைகள் செய்தார்கள். அச்சு அவர்களுக்கும் இருந்தது. ஆனால் சுருக்கக் கோடுகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே விரித்துக் கருவியால் அழுத்தி வரைந்தார்கள். விளிம்பு மழுங்கி, தோல் தானே மடிந்ததுபோல் வரும். அச்சு எங்கே, கை எங்கே என்ற பகுப்பு அவர்களிடம் இருந்தது.

நானும் அச்சை முழுக்க ஒதுக்கவில்லை. கூட்டத்தில் தூரமாக ஓடும் உயிரினத்துக்குக் கையால் விரிசல் வரைவது நேரவிரயம். நீலப் பகுதியில் உள்ள மணிமணியான செதில்களுக்கும் ஆல்ஃபா பொருத்தமே, ஏனென்றால் அங்கே விலங்கிடமே ஒரு திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்கிறது. அங்கேயும் இழுத்துப் பதிக்கும்போது பார்க்கும் திசைக்கு நேராக உள்ள பகுதியில் மட்டும் பதிக்க வேண்டும். பக்கவாட்டில் சரிந்து போகும் பரப்பில் படம் நீண்டு இழுபட்டுவிடும்.

கருத்து வேறுபாட்டைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். முடித்த தலையின் செதிலையும் சுருக்கத்தையும் துளையையும் அப்படியே ஒரு வெறும் கோளத்தின் மேல் இறக்குங்கள். கோளத்தில் அவை தலையில் இருந்ததைப்போலவே இயல்பாகத் தெரிந்தால், அவை அந்தத் தலைக்குச் சொந்தமானவை அல்ல. வடிவத்திலிருந்து பிறந்த விவரம் கோளத்தின்மேல் குழம்பித் தெரியும். விரிசல்கள் அங்கே இல்லாத புருவத்தைச் சுற்றி வளையும், மடிப்புகள் அங்கே இல்லாத வாயை நோக்கிக் குவியும். இரண்டாவது சோதனை ஒளி. ஒரே ஒரு விளக்கைத் தலையைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். ஈரமான தோலின் பளபளப்பு எலும்பு இறுகிய இடத்தில் கூர்மையாக உடைந்தும், தளர்ந்த இடத்தில் பரந்து மங்கியும் நகர வேண்டும். தலை முழுக்க ஒரே மாதிரி உடைந்து மினுங்கினால், மேலே இருப்பது ஒரே பூச்சு.

‘நேரம் இல்லை’ என்ற பதிலும் வரும். பிளாக்அவுட்டில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. அந்தக் கட்டத்திலேயே மாதிரியின் பிரதி ஒன்றை எடுத்து, வாயோரத்தில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் இறுதி விவரம் வரை செதுக்கிப் பார்க்கச் சொல்வேன்; அதற்கும் ஒரு பகல் போகும். எதற்கு என்றால், மடிப்புகள் நிஜ அளவில் வந்தபின் கன்னத்தின் தசை மெலிந்து தெரிந்தால், அதை 64 அடர்த்தியில் இரண்டு இழுப்பில் சரிசெய்துவிடலாம். அதையே எல்லா லேயரும் முடிந்தபின் கண்டுபிடித்தால் வழி அடைபட்டுப்போகும். டைனாமெஷுக்குத் திரும்பினால் வலையே மாறும், லேயர்கள் நிலைக்காது. கீழ்ப்படிக்கு இறங்கி மூக்கை ஐந்தில் ஒரு பங்கு நீட்டினால், அதன் மேலுள்ள ஒவ்வொரு செதிலும் அதே அளவு நீண்டுபோகும். பிறகு அந்தப் பகுதி முழுவதையும் அழித்து மறுபடி வரைய வேண்டும். வடிவமும் விவரமும் தனித்தனி என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் இரண்டையும் சேர்த்து இழக்கிறார்கள்.

முடித்த தலை ரிக்கிங் செய்பவரிடம் போகும்போதும் இந்த வேறுபாடு தொடர்கிறது. விரிசலையும் துளைகளையும் ஒரு டிஸ்ப்ளேஸ்மென்ட் வரைபடமாகவும், மடிப்பு லேயரை மட்டும் தனி வரைபடமாகவும் எடுத்துக் கொடுக்கலாம். வாய் திறக்கும்போது கன்னத்தின் மடிப்புகளைக் குறைத்து, சீறும்போது வாயோரத்தில் கூட்ட அவருக்கு அது போதும். எந்த இடத்தில் எவ்வளவு கூட்டுவது, எங்கே கூட்டவே கூடாது என்பதற்கு அவருக்கு ஒரு முகமூடிப் படம் வேண்டும். நுண்விவரத்தைப் பூச்சாகப் போட்டவர் அதைப் புதிதாக உட்கார்ந்து ஊகித்து வரைய வேண்டியிருக்கும். தாடையை 30 பாகை திறந்து மூன்று நிறம் தீட்டியவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது: சிவப்பில் பூஜ்யம், மஞ்சளில் பாதி, நீலத்தில் முழுமை.